மாற்று லேப்டாப் கேட்டு எழுதும் கோரிக்கையில் எதைக் காட்ட வேண்டும்?

"திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கிளையில் கணக்கு வேலை பார்க்கிறேன். எனக்குக் கொடுத்திருப்பது 2018-இல் வாங்கிய லேப்டாப். காலையில் திறந்தால் வேலைக்கு வர வெகு நேரமாகிறது. எக்செல், டேலி, இ-வே பில் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. சென்னைத் தலைமையகத்தில் இருக்கும் டெக்னிக்கல் சப்போர்ட்டுக்குப் பலமுறை டிக்கெட் போட்டுவிட்டேன். 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். வேறு லேப்டாப் தரச் சொல்லி எப்படி எழுதினால் நடக்கும்?"

திருநெல்வேலி, தென்காசி வட்டாரக் கிளை அலுவலகங்களிலிருந்து வரும் இத்தகைய டிக்கெட்டுகளைப் படித்துத் தீர்ப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஆகவே, டிக்கெட்டை மூடுகிறவர் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: மென்பொருளில் ஏதாவது சரிசெய்வது, ரேம் அல்லது டிஸ்க் போன்ற ஒரு பாகத்தை மாற்றுவது, லேப்டாப்பையே மாற்றுவது. முதல் வழிக்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அவருடைய மேலாளர் சம்மதித்தால் போதும். மூன்றாவதற்கு, பெரும்பாலான நிறுவனங்களில், கொள்முதல் பிரிவும் நிதிப் பிரிவும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகப் போகிறவரிடம் "முதல் இரண்டு வழிகளையும் பார்த்தாயிற்றா?" என்றுதான் கேட்பார்கள். "லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிய டிக்கெட்டில் அதற்கு விடை இல்லாததால், அவர் தம் கைக்கு எட்டும் முதல் வழியைச் செய்து முடித்துக்கொள்கிறார். ஆகவே உங்கள் கோரிக்கை, அவர் ஒரு வரியும் சேர்க்காமல் மேலே அனுப்பிவைக்கக்கூடிய தாளாக இருக்க வேண்டும்.

தூரமும் இதில் ஒரு காரணம். சென்னையில் இருப்பவர் உங்கள் திரையை எனிடெஸ்க் வழியாகத் தமக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் பார்க்கிறார். அவர் வருகிறார் என்று தெரிந்தவுடன் நாம் மரியாதைக்காகத் திறந்திருப்பதையெல்லாம் மூடிவிடுகிறோம். காலியாக இருக்கும் லேப்டாப்பில் அவர் இரண்டு ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறார். அது தடையின்றித் திறக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. மெதுவாகும் நேரத்தை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். இனி அவர் இணையும்போது எதையும் மூடாதீர்கள்.

'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்ற பதிலுக்கும் ஓர் அடிப்படை உண்டு. கீபோர்டில் Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் Performance பக்கத்தில் CPU என்பதைத் தொட்டால், கீழே Up time என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் நாள்தோறும் மாலையில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றாலும், அந்த எண் இருபது, முப்பது நாள் என்று காட்டக்கூடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வழக்கமாக இயங்கிக்கொண்டிருக்கும். அது இருக்கும்போது ஷட் டவுன் செய்தால், நீங்கள் திறந்த செயலிகள் மூடப்பட்டாலும், விண்டோஸின் உள்மையம் அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. "தினமும் அணைக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருக்க, Up time 26 நாள் என்று அவர் திரையில் பார்த்தால், உங்கள் மற்ற சொற்களையும் அவர் நம்புவது கடினம். எனவே அளவெடுக்கும் நாளில் காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கோரிக்கையிலும் அதை ஒரு வரியாகக் குறிப்பிட்டுவிடுங்கள். அதன்பின் அந்தப் பதில் வராது.

இனி அளவெடுப்பது. வேலை மும்முரமாக ஓடி, திரை உறையும் அந்த நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். உங்கள் வழக்கமான மூன்று செயலிகளும் திறந்திருக்க, டாஸ்க் மேனேஜரின் Performance பக்கத்தில் Memory, Disk, CPU மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று படங்களுக்குள்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. ஆனால் அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால்தான் பயன்.

2018-இல் வந்த மலிவான அலுவலக லேப்டாப்புகளில் மிகப் பரவலாக இருந்தது 4 ஜி.பி. ரேமும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்கும். ரேம் என்பது கடையின் மேசை, டிஸ்க் என்பது தெருக்கோடியில் இருக்கும் கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இடம் இல்லாதபோது விண்டோஸ் சில சாமான்களைக் கிட்டங்கிக்கு அனுப்பிவைக்கிறது. நீங்கள் அதைக் கேட்கும்போது வேறொன்றை அங்கே அனுப்பிவிட்டு இதைத் திரும்பக் கொண்டுவருகிறது. கிட்டங்கி எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்காக இருந்தால், அதன் முள் ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்து போய்த் தேட வேண்டியிருப்பதால், எக்செலிலிருந்து பிரவுசருக்கு மாறும் ஒரே சொடுக்கு அரை நிமிடத்தை விழுங்கிவிடுகிறது. படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், Memory 90 சதவீதத்துக்கு மேலே நிற்கும். அதே நேரத்தில் Disk-இன் Active time 100 சதவீதத்தில் தட்டையாகக் கிடக்கும். Average response time நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டில் இருக்கும். CPU மட்டும் பெரும்பாலும் சும்மா இருக்கும். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் உங்கள் நோய் ரேம் பற்றாக்குறை, அதை மோசமாக்குவது ஹார்ட் டிஸ்க். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

படம் வேறு மாதிரி வந்தால் முடிவும் வேறு. Memory பாதியில் இருக்கும்போதே Disk 100 சதவீதத்தைத் தொட்டால், Processes பக்கத்துக்குப் போய் Disk என்ற தலைப்பைச் சொடுக்கி, யார் முதலிடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். அங்கே Antimalware Service Executable அல்லது உங்கள் நிறுவனத்தின் வேறு வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால், அது வேலை நேரத்தில் முழுச் சோதனை நடத்துகிறது. சோதனை நேரத்தை உணவு இடைவேளைக்கு மாற்றித் தரச் சொல்வதே சரியான கோரிக்கை. அப்படி யாரும் இல்லாமலேயே டிஸ்க் திணறினால், ஈவென்ட் வியூவரில் Windows Logs, அதனுள் System என்ற பதிவைத் திறந்து, disk என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்ணுடன் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்பது டிஸ்கில் கெட்டுப்போன பகுதி இருப்பதையும், 153 என்பது படிக்க முயன்று முடியாமல் மறுபடி முயன்றதையும் சொல்லும். இவை அடுத்தடுத்து வந்தால் மெதுவாக இருப்பதைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அன்றைக்கே கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். டிக்கெட்டின் தலைப்பையும் "டிஸ்க் பழுதாகிறது, தரவு இழப்பு அபாயம்" என்று மாற்றுங்கள். அந்தத் தலைப்புக்கு உடனே ஆள் வரும்.

CPU-வின் Speed எண் எந்நேரமும் 0.8 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது சூட்டினாலோ சார்ஜரினாலோ வரும் கட்டுப்பாடு. ஏசி இல்லாத கிளை அறைகளில், சித்திரை வெயிலில், விசிறித் துவாரம் தூசியால் அடைந்த லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில தயாரிப்புகள் தங்கள் சொந்தச் சார்ஜர் அல்லாத ஒன்றைச் செருகினாலும் அப்படியே செய்யும். இரண்டுக்கும் மாற்று லேப்டாப் கேட்பது நியாயமல்ல. துடைத்துத் தருவதும் உரிய சார்ஜர் தருவதும் போதும்.

படங்களோடு நின்றுவிடாமல் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். கிளையில் வேறொருவரிடம் இருக்கும் புதிய லேப்டாப்பில், அதே கோப்பை, அதே நெட்வொர்க்கில், அதே நேரத்தில் திறந்து பாருங்கள். உங்கள் டேலி தரவு சென்னை சர்வரில் இருந்து, கிளையின் இணைய இணைப்பே மந்தமாக இருந்தால், புது லேப்டாப் வந்தாலும் டேலி அதே வேகத்தில்தான் நகரும். பக்கத்து மேசையிலும் அதே தாமதம் என்றால் கோரிக்கையை இணைப்பைப் பற்றியதாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் புது லேப்டாப் வாங்கிக்கொண்டு, மறுமாதமே "இதுவும் மெதுவாக இருக்கிறது" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் எழுதும் எந்த டிக்கெட்டும் எளிதில் நகராது.

தாமதத்தை நிமிடங்களாக மாற்றுவதற்குக் கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். மூன்றே மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டு, உங்கள் லேப்டாப்பிலும் பக்கத்து மேசையிலும் ஒரே முறையில் அளந்து எழுதுங்கள். எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து எக்செல் திறக்கும்வரை உங்களிடம் 7 நிமிடம், அங்கே 1 நிமிடம்: வித்தியாசம் 6 நிமிடம். சரக்கு இருப்புக் கோப்பு உங்களிடம் 2 நிமிடம் 40 வினாடியிலும் அங்கே 25 வினாடியிலும் திறக்கிறது, நாளில் ஆறுமுறை திறக்கிறீர்கள்: 13 நிமிடம் 30 வினாடி. எக்செலிலிருந்து இ-வே பில் பக்கத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் 30 வினாடி கூடுதலாகக் காத்திருக்கிறீர்கள், நாளில் இருபது முறை: 10 நிமிடம். கூட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 29 நிமிடம் 30 வினாடி. மாதத்தில் 25 வேலை நாள் என்றால் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அதாவது ஒன்றரை வேலை நாள். உங்கள் எண்கள் இதைவிடக் குறைவாக இருந்தால் குறைவாகவே எழுதுங்கள். "தினமும் மூன்று மணி நேரம் வீண்" என்று எழுதும் மிகையை நிதிப் பிரிவில் இருப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த நிமிடங்களைச் சம்பளக் கணக்கில் ரூபாயாக மாற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலாளர் மனதில் "சம்பளம் எப்படியும் கொடுக்கத்தானே வேண்டும்" என்ற எண்ணம் ஓடும். அதைவிடப் பலமானது, தாமதம் வெளியாரையோ கெடுவையோ எங்கே தொடுகிறது என்று காட்டுவது. உதாரணமாக, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. லேப்டாப் உறைந்து நிற்கும் நேரமெல்லாம் லோடு ஏற்றிய லாரி உங்கள் வாசலில் நிற்கிறது, ஓட்டுநர் மேலாளரின் அறைக்கு வந்து கேட்கிறார். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனமாக இருந்தால் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற கெடுக்களும் இருக்கின்றன. அந்த நாட்களில் ஒருமுறை லேப்டாப் நின்று வேலை தடைபட்டிருந்தால், அந்தத் தேதியைக் குறித்து வைத்து எழுதுங்கள்.

அடுத்து, பாகங்களை மாற்றினால் போதாதா என்ற கேள்வி. இது கட்டாயம் வரும், நியாயமான கேள்வியும்கூட. ரேமை 8 ஜி.பி. ஆக்கி, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், ஏழெட்டு வயதுள்ள லேப்டாப்பும் கணக்கு வேலைக்கு நன்றாகவே ஓடும். உங்கள் லேப்டாப் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை டாஸ்க் மேனேஜரே சொல்லும். Memory பக்கத்தில் Slots used என்ற வரியில் 1 of 2 என்றிருந்தால் இன்னொரு ரேம் செருக இடம் உண்டு. Form factor என்ற வரியில் SODIMM என்றிருந்தால் கழற்றி மாற்றலாம்; Row of chips என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, அதைக் கழற்ற முடியாது. Disk என்ற தலைப்பின் கீழ் HDD, SSD இரண்டில் ஒன்று எழுதியிருக்கும்.

பாகங்களை மாற்றலாம் என்று தெரிந்தாலும், 2018-ஆம் ஆண்டு லேப்டாப்பில் ஒரு சுவர் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் சில விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரிக்கப்படுகிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2018-இல் விற்ற i3 லேப்டாப்புகள் பலவற்றில் இருந்தது ஏழாம் தலைமுறை பிராசஸர். உங்கள் CPU பக்கத்தின் வலது மேல்மூலையில் i3-7 என்று தொடங்கி நான்கு இலக்கமுள்ள எண் இருந்தால் நீங்கள் சுவரின் இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். i3-8 என்று தொடங்கினால் அநேகமாக அந்தப் பக்கம். அப்படியானால் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கேட்பதே நேர்மையான கோரிக்கை, அது விரைவாகவும் கிடைக்கும்.

ஏழாம் தலைமுறை என்றால் நிலை தலைகீழாகிறது. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்கிப் போட்டாலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத ஒரு விண்டோஸில்தான் வங்கி இணையப் பக்கமும் ஜி.எஸ்.டி. தளமும் திறக்க வேண்டியிருக்கும். நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பை அதிகபட்சம் மூன்றாண்டு விற்கிறது. முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. பழைய இயந்திரத்தின் மீது பாகச் செலவையும் இந்தக் கட்டணத்தையும் சேர்த்துப் போடுவது பொருந்துமா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பினால் போதும், விடையை நிதிப் பிரிவே சொல்லிவிடும்.

கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஓர் ஆயுதம் உண்டு: சொத்துப் பதிவேடு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை லேப்டாப்பின் பயன்பாட்டு ஆயுளை 3 ஆண்டு என்று வைக்கிறது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். 42,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப்பில் ஏழு ஆண்டுக் கழிவுக்குப் பிறகு 1,200 ரூபாய்கூட மிஞ்சாது. "புத்தகத்தில் ஏற்கெனவே தீர்ந்துபோன சொத்து" என்ற ஒரு வரி, மாற்றினால் நட்டம் எழுத வேண்டியிருக்குமோ என்ற தயக்கத்தைத் தீர்க்கும்.

லேப்டாப்பின் வரிசை எண்ணையும் கோரிக்கையில் கொடுங்கள். அடியில் ஒட்டிய தாள் அழிந்திருந்தால் கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடித்தால் கிடைக்கும்:

```
wmic bios get serialnumber
```

இவையெல்லாம் கையில் வந்தபின் எழுதும் கோரிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய டிக்கெட்டுகளில் யார் என்ன சொன்னார் என்ற மனத்தாங்கல் அதில் வேண்டாம். டிக்கெட் எண்கள் மட்டும் போதும். நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன். கோடிட்ட இடங்களில் உங்கள் விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"பொருள்: சொத்து எண் ____, வரிசை எண் ____, மாற்று லேப்டாப் கோரிக்கை.

ஐயா, வணக்கம். வண்ணார்பேட்டைக் கிளையின் கணக்குப் பிரிவில் நான் பயன்படுத்தும் மேற்கண்ட லேப்டாப் 2018-இல் வாங்கப்பட்டது. ஏழாம் தலைமுறை i3 பிராசஸர், 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவற்றைக் கொண்டது. எக்செல், டேலி, பிரவுசர் மூன்றும் திறந்திருக்கையில் நினைவகம் ____ சதவீதத்திலும் டிஸ்க் 100 சதவீதத்திலும் நின்றுவிடுகின்றன. ____ தேதி காலை ____ மணிக்குத் திரையை எடுத்த மூன்று படங்களை இணைத்துள்ளேன். அன்று காலை ரீஸ்டார்ட் செய்த பிறகே அளவெடுக்கப்பட்டது. வைரஸ் தடுப்புச் சோதனை அப்போது ஓடவில்லை. இதே கோப்புகள் இதே நெட்வொர்க்கில் கிளையின் வேறொரு லேப்டாப்பில் எவ்வளவு நேரத்தில் திறக்கின்றன என்ற ஒப்பீடும் இணைப்பில் உள்ளது. நாளுக்கு ஏறத்தாழ ____ நிமிடம் வித்தியாசம் வருகிறது. ____ தேதி கேரளச் சரக்குக்கான இ-வே பில் ____ நிமிடம் தாமதமானது.

ரேமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்ப்பதையும் பார்த்தேன். இந்தப் பிராசஸர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாததால், அந்தச் செலவுக்குப் பிறகும் ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-இலேயே ஜி.எஸ்.டி., வங்கிப் பணிகளைச் செய்ய வேண்டியிருக்கும். சொத்துப் பதிவேட்டில் இதன் தற்போதைய மதிப்பு ____ ரூபாய். எனவே குறைந்தது 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11 கொண்ட லேப்டாப் ஒன்றை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கையிருப்பில் உள்ள, பயன்படுத்திய லேப்டாப் இந்த அளவுகளில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். மாற்றும் பணியை 21-ஆம் தேதிக்கும் மாத இறுதிக்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முந்தைய டிக்கெட் எண்கள்: ____. கிளை மேலாளரின் ஒப்புதல் இணைக்கப்பட்டுள்ளது."

கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். கிளை மேலாளரின் ஒப்புதல் மின்னஞ்சல் இணைக்கப்படாத கோரிக்கை சென்னையில் "மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்ற நிலையில் போய் நிற்கும். அங்கிருந்து யாரும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல மாட்டார்கள். அண்ணாச்சியிடம் நேரில் சொல்லி அவர் தலையாட்டியது போதும் என்று இருந்துவிடக் கூடாது, எழுத்தில் வாங்குங்கள். லாரி நின்ற கதை அவருக்கே தெரியும் என்பதால் அவர் தயங்கமாட்டார். பயன்படுத்திய லேப்டாப்பையும் ஏற்பேன் என்ற வரியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். வேலையை விட்டுப் போனவர்கள் ஒப்படைத்த லேப்டாப்புகள் தலைமையகத்தில் எப்போதும் சில இருக்கும். அதைத் தருவதற்குக் கொள்முதல் பிரிவின் கையெழுத்தே தேவைப்படாது.

பதிலாக "முதலில் ஃபார்மட் செய்து பார்ப்போம்" என்று வரக்கூடும். மறுக்காதீர்கள், ஆனால் எழுத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள்: ஃபார்மட்டுக்குப் பின் எல்லாச் செயலிகளும் நிறுவி, இரண்டு வாரம் கழித்து இதே மூன்று அளவுகளை மறுபடி எடுத்து இதே டிக்கெட்டில் போடுவீர்கள், அதுவரை டிக்கெட் திறந்திருக்க வேண்டும். புதிதாக நிறுவிய விண்டோஸ் முதல் சில நாட்கள் சுறுசுறுப்பாகவே இருக்கும். செயலிகள், புதுப்பிப்புகள், வைரஸ் தடுப்பு எல்லாம் திரும்பச் சேர்ந்தபின் 4 ஜி.பி. ரேம் மறுபடி நிரம்பும். முதல் நாளே "சரியாகிவிட்டது" என்று பதில் போட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது.

லேப்டாப் வந்து சேர்ந்தபின் கணக்குப் பிரிவுக்கென்றே சில வேலைகள் உண்டு. இவற்றைப் பொதுவான உதவிப் பிரிவினர் மறந்துவிடுவார்கள். டேலியின் ஒற்றைப் பயனர் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. பழைய லேப்டாப்பில் இணையத்துடன் இருக்கும்போது F1 உதவிப் பகுதியில் Settings, License வழியாகப் போய் Surrender செய்தபிறகே புதியதில் செயல்படுத்த முடியும். பழையதைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு இது நினைவுக்கு வந்தால், 20-ஆம் தேதி நெருங்கும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும். உரிமம் தலைமையக சர்வரில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. டிஜிட்டல் கையொப்பம் யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருப்பதால் அது உங்களோடு வந்துவிடும். ஆனால் டோக்கனின் டிரைவரும், ஜி.எஸ்.டி. தளம் கேட்கும் emSigner மென்பொருளும் புதிய லேப்டாப்பில் நிறுவப்பட வேண்டும், அதற்கு அட்மின் கடவுச்சொல் தேவைப்படும். ஆகவே உதவிப் பிரிவினர் இணைப்பில் இருக்கும்போதே டோக்கனைச் செருகி ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். அவுட்லுக் பயன்படுத்தினால் பழைய கடிதங்கள் .pst என்று முடியும் கோப்பில் லேப்டாப்பிலேயே இருக்கக்கூடும். பில் அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

பழைய லேப்டாப்பை அதே வாரத்தில் திரும்பக் கேட்டால், அடுத்த மாத 3பி தாக்கல் முடியும்வரை வைத்திருக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். திருப்பி அனுப்பும்போது கூரியர் ரசீதின் நகலை டிக்கெட்டில் போட்டு, உங்கள் பெயரிலிருந்து அந்தச் சொத்து எண் நீக்கப்பட்டது என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.